ஆறு படி இறங்கி ஏழாவதில் ஏறுவது ஏன்? இருபடிச் சார்பில் கிரேடியன்ட் டிசென்ட் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

`f(x) = ½ xᵀAx` என்ற சார்பை எடுத்துக்கொள்வோம். `A` என்பது 2×2 அணி: முதல் வரிசை 5, 4, இரண்டாவது 4, 5. குறைந்தபட்சம் பூச்சியத்தில்தான் இருக்கிறது. அங்கே போய்ச் சேர எவ்வளவு பெரிய படி வைக்கலாம்?

பலர் முதலில் மூலைவிட்டத்தைத்தான் பார்க்கிறார்கள். "இரண்டு அச்சிலும் வளைவு 5, அதனால் படி அளவு 2/5, அதாவது 0.4 வரை போகலாம்" என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். இது தவறு. 4 என்ற அந்த மூலைவிட்டம் சாராத உறுப்பு இரண்டு அச்சுகளையும் பிணைத்து வைத்திருக்கிறது. அந்தப் பிணைப்பை அவிழ்த்துக் காட்டுவது ஐகன் திசைகள். இங்கே (1, 1) திசையில் ஐகன் மதிப்பு 9, (1, −1) திசையில் 1. படி அளவு `η`, ஐகன் மதிப்பு `λ` என்றால், ஒவ்வொரு படியிலும் அந்த ஐகன் திசையில் உள்ள பிழை `1 − ηλ` என்ற எண்ணால் பெருக்கப்படுகிறது, அவ்வளவுதான் நடக்கிறது. ஒரு திசை இன்னொன்றைத் தொடுவதில்லை. எல்லாத் திசைகளிலும் அந்த எண்ணின் அளவு 1-க்குக் கீழே இருந்தால்தான் ஒருங்கும். ஆகவே எல்லை 2/9, சுமார் 0.222. சரியாக 2/9 வைத்தாலும் பெருக்கி −1 ஆகிவிடும். (1, 1) திசைப் பிழை குறையாமல் இருபுறமும் துள்ளிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது, என் கணிப்பில் இதைவிட ஆபத்தான தவறு: சார்பின் மதிப்பு இறங்குகிறது, அதனால் படி அளவு சரி என்று நம்புவது. எல்லைக்கு மேலே, `η = 0.3` வைத்து, (1.001, −0.999) என்ற புள்ளியில் தொடங்கிப் பாருங்கள்.

```
import numpy as np
A = np.array([[5., 4.], [4., 5.]])
x = np.array([1.001, -0.999])
for k in range(13):
    print(k, 0.5 * x @ A @ x)
    x = x - 0.3 * (A @ x)
```

மதிப்பு 1-இல் தொடங்கி, ஐந்தாவது படியில் 0.030, ஆறாவதில் 0.019 என அழகாக இறங்குகிறது. இங்கே நிறுத்தியவர் எல்லாம் நலம் என்றே நினைப்பார். ஏழாவதில் 0.022. பத்தாவதில் 0.37. பன்னிரண்டாவதில் 3-ஐத் தாண்டிவிடுகிறது. காரணம் இதுதான்: (1, −1) திசையில் பெருக்கி 0.7, அது சுருங்குகிறது. (1, 1) திசையில் பெருக்கி −1.7. தொடக்கத்தில் அந்தத் திசையில் வெறும் 0.001 மட்டுமே இருந்ததால், அது வளர்ந்து கண்ணில் படுவதற்கு ஆறு படிகள் ஆயின. முதல் நாளே கெட்டுப்போன விஷயம், வெளியே தெரிவதுதான் தாமதம்.

சரி, எல்லை தெரிந்துவிட்டது. அதை ஒட்டி 0.22 வைத்தால் வேகமாகப் போகுமா? போகாது. பெருக்கிகள் −0.98, 0.78. இரண்டில் மோசமானதுதான் நீண்ட நேரத்தில் வேகத்தைத் தீர்மானிக்கும். பிழையை ஆயிரத்தில் ஒரு பங்காக்க 342 படிகள் வேண்டும். பாதி எல்லையான 1/9 வைத்தால் (1, 1) திசை ஒரே அடியில் அடங்கிவிடும், ஆனால் மற்றது 0.889 என்று மெதுவாக நகரும்: 59 படிகள். இரண்டு முனைகளையும் சமமாக்குவதுதான் சிறந்தது: `η = 2/(λ_max + λ_min)`, இங்கே 2/10 = 0.2. பெருக்கிகள் −0.8, 0.8, 31 படிகள் போதும். இந்த 0.8 என்பது `(κ − 1)/(κ + 1)`. `κ` என்பது பெரிய ஐகன் மதிப்பைச் சிறியதால் வகுத்தால் கிடைப்பது, இங்கே 9. இது பிழையின் நீளத்துக்கான விகிதம். சார்பின் மதிப்பு அதன் வர்க்கமாக, அதாவது படிக்கு 0.64 மடங்காகக் குறையும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால், வரைபடத்தின் சாய்வைப் பார்த்து எண்ணும் படிகள் இரட்டிப்பாகவோ பாதியாகவோ தப்பும்.

இன்னொரு சின்னக் கவனக்குறைவு, ½ என்ற எண்ணைத் தொலைப்பது. `xᵀAx` என்று மட்டும் எழுதினால் ஹெஸ்ஸியன் `2A` ஆகிவிடும், எல்லை 1/9-ஆகச் சுருங்கும். மீச்சிறு வர்க்கக் கணக்கில் கூட்டுத்தொகைக்குப் பதில் சராசரி எடுத்தாலும் இதே கதைதான்: `n` தரவுகள் என்றால் எல்லை `n` மடங்கு விரியும், பழைய படி அளவை அப்படியே வைத்தால் நகர்வே தெரியாது.

அணி பெரிதாக இருந்து ஐகன் மதிப்புகளை நேரடியாகக் கணக்கிட முடியாதபோது, சிதறும் ஓட்டத்தையே கருவியாக்கலாம். அடுத்தடுத்த கிரேடியன்ட் நீளங்களின் விகிதத்தைப் பாருங்கள். மேலே உள்ள ஓட்டத்தில் அது 1.7-இல் போய் நிற்கும். ஓட்டம் சிதறுவதால் பெருக்கி எதிர்மறை என்பது உறுதி, எனவே `0.3 λ = 2.7`, `λ = 9`.