சென்னை வீட்டை விற்றவருக்கு வரும் கடிதம்

வெள்ளவத்தையில் இருந்துகொண்டு சென்னைத் தொடர்மாடி வீட்டை 40 லட்சம் இந்திய ரூபாய்க்கு விற்றீர்களா? ‘5,20,000 ரூபாய் வரி கழித்து 34,80,000 அனுப்பியுள்ளேன்’ என்று வாங்கியவர் எழுதினால் பதறாதீர்கள். 50 லட்சத்துக்குக் கீழ் வரிப்பிடித்தம் இல்லை, மேலே போனால் 1% என்பதெல்லாம் இந்தியாவில் வசிக்கும் விற்பனையாளருக்குத்தான். வெளியே வசிப்பவர் 2 ஆண்டுக்கு மேல் வைத்திருந்த வீடென்றால் 12.5% வரி, அந்த வரித்தொகையில் 4% செஸ் என்ற கூடுதல் வரி, மொத்தம் 13%. குறைந்த பிடித்தத்துக்கு வரித் துறையிடம் முன்பே சான்றிதழ் வாங்கியிருந்தால் தப்பலாம்.

சரி, கழித்ததைக் கட்டினாரா? கடிதம் அதற்கு ஆதாரமில்லை. அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் (மார்ச் என்றால் ஏப்ரல் 30) கட்டிய சலானைக் கேளுங்கள். காலாண்டுக் கணக்கை அவர் தாக்கல் செய்த பிறகே உங்கள் பான் எண்ணில் தொகை தெரியும். பிடித்தச் சான்றிதழும் அப்புறம்தான்.