கண் விழித்ததுமே பதற்றமா? முதல் ஒரு மணி நேரத்துக்கு ஒரு செய்முறை

அலாரம் அடிக்க இன்னும் நேரம் இருக்கும். ஆனால் அதற்குள் விழிப்பு வந்துவிடும். நெஞ்சு படபடக்கும், வயிற்றில் புளியைக் கரைக்கும், ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று தோன்றும். என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பத்து மணிக்குமேல் ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்க்கும்போது அதே கவலை பாதியாகக் குறைந்திருக்கும். உங்களுக்கு இப்படித்தான் நடக்கிறதென்றால் இந்தச் செய்முறை உங்களுக்கானது.

ஏன் காலையில் மட்டும் என்பதை முதலில் பார்த்துவிடலாம். நாம் விழித்த முதல் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் கார்டிசால் என்ற ஹார்மோன் ரத்தத்தில் சட்டென ஏறுகிறது. இது நோய் இல்லை. உடம்பை நாளுக்குத் தயார்ப்படுத்த எல்லோருக்கும் தினமும் நடப்பதுதான். அதே நேரத்தில், நிதானமாக யோசித்து எடைபோடும் மூளைப் பகுதி முழுசாக விழிக்கக் கால் மணியிலிருந்து அரை மணி நேரம் ஆகும். உடம்பு முறுக்கேறி நிற்கிறது, தீர்ப்புச் சொல்ல வேண்டிய ஆள் இன்னும் தூக்கக் கலக்கத்தில் இருக்கிறார். அந்த இடைவெளியில் மனசு, "இந்தப் படபடப்புக்கு ஏதாவது காரணம் இருக்கணுமே" என்று தேட ஆரம்பிக்கிறது. தேடினால் கிடைக்காமலா போகும்? கடன், வேலை, பிள்ளையின் மார்க், அம்மாவின் முழங்கால் என்று ஒன்று மாட்டிவிடும்.

அதனால் கீழே உள்ள படிகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும், யோசனையெல்லாம் அப்புறம். விழித்த முதல் அரை மணியில் எந்தக் கவலைக்கும் பதில் தேடக் கூடாது.

என் சித்தி மகளை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். குரோம்பேட்டையில் வீடு, கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. அலாரம் 5.45-க்கு, விழிப்பு நாலரைக்கே. மாதம் 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி 3பி என்ற மாத வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால், 12, 13-ஆம் தேதியிலிருந்தே காலைப் பயம் கூடிவிடும்.

படி 1: முந்தின இரவு, ஐந்து நிமிஷம்

காலை வேலை ராத்திரியே ஆரம்பிக்கிறது. படுக்கப் போவதற்கு முன் ஒரு சின்ன நோட்டில் நாளைக்கு என்ன பாக்கி இருக்கிறது என்று எழுதுங்கள். கவலையாக எழுதாமல் வேலையாக எழுதுங்கள். அவள் முதலில் எழுதியது, "3பி முடியுமா தெரியலை, மேனேஜர் திட்டுவார்." இப்படி எழுதிவிட்டுப் படுத்தால் தூக்கம் எங்கே வரும்? இரண்டு பேரும் உட்கார்ந்து அதை மாற்றினோம்: "அம்பத்தூர் குடோனிலிருந்து கொள்முதல் பில் இரண்டு வரவில்லை. காலை 10 மணிக்கு ஸ்டோர்ஸுக்கு போன் செய்யணும். வராவிட்டால் 11 மணிக்கு மேனேஜரிடம் சொல்லணும்." விஷயம் ஒன்றுதான். ஆனால் இரண்டாவதில் யார், எப்போது, என்ன என்று மூன்றும் இருக்கிறது. காலை 4.30-க்கு அந்தப் பில்லைப் பற்றி மனசு கேட்டால், பத்து மணிக்குப் பார்க்கலாம் என்று பதில் ஏற்கெனவே எழுதி வைத்தாயிற்று.

நோட்டைத் தலையணைப் பக்கத்தில் வைக்க வேண்டாம். சமையலறை மேடையிலோ டிவி ஸ்டாண்டிலோ வைத்தால் போதும். போனையும் அங்கேயே சார்ஜில் போட்டுவிடுங்கள். அலாரத்துக்கு என்ன செய்வது என்பீர்கள்: தெருமுனைக் கடையில் கிடைக்கும் சாதாரண அலாரம் கடிகாரமே போதும், முகப்பைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள்.

படி 2: விழித்ததும், படுக்கையில்

மணி பார்க்காதீர்கள். நாலரை என்று தெரிந்ததும் கணக்குப் போடத் தோன்றும்: "இன்னும் ஒண்ணேகால் மணி நேரம்தான், தூக்கம் போச்சு, இன்றைக்குத் தலைவலிதான்." பயத்துக்கு இதைவிட நல்ல தீனி கிடையாது.

படுத்தபடியே மூக்கு வழியாக மெதுவாக மூச்சை உள்ளே இழுங்கள், மனசுக்குள் நாலு எண்ணும் வரை. ஆறு எண்ணும் வரை வெளியே விடுங்கள். ஒரு நிமிஷத்துக்கு ஆறு மூச்சு கணக்கு. மூன்று நிமிஷம் செய்தால் போதும். வெளியே விடும் மூச்சு நீண்டால் இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும்.

பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தப்பு நடக்கும். ஆழமாக மூச்சு விட வேண்டும் என்று நெஞ்சை நிரப்பி இழுத்தால், கொஞ்ச நேரத்தில் தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும், பயம் இரட்டிப்பாகும். அப்படி ஆனால் மூச்சு அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். சின்ன மூச்சாக, சத்தமில்லாமல் விடுங்கள். சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே பதற்றம் கூடும். அவர்கள் மூச்சை விட்டுவிட்டு, காதில் விழும் சத்தங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கலாம்: மின்விசிறி, பால் வண்டி, கோவில் ஸ்பீக்கர், பக்கத்து வீட்டு மோட்டார். சென்னையில் சத்தத்துக்குப் பஞ்சமே இல்லை.

இருபது நிமிஷம் ஆனதுபோல் தோன்றியும் தூக்கம் திரும்பவில்லை என்றால் எழுந்துவிடுங்கள். புரண்டு புரண்டு படுத்தால், படுக்கை என்றாலே கவலைப்படும் இடம் என்று மூளை பழகிவிடும். ஹாலில் மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து துணி மடிக்கலாம். கண் சொக்கினால் திரும்பப் போய்ப் படுங்கள்.

படி 3: வெளிச்சம், கொஞ்சம் நடை

பல் தேய்த்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, விடிந்ததும் மொட்டை மாடிக்கோ பால்கனிக்கோ போங்கள். பத்து, பதினைந்து நிமிஷம் நடங்கள் அல்லது செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். டியூப்லைட் போட்ட அறையில் சில நூறு லக்ஸ் வெளிச்சம்தான் இருக்கும். மேகமூட்டமான நாளில்கூட, சூரியன் கொஞ்சம் ஏறியதும் வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும். உடம்பின் கடிகாரம் இந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நேரத்தைச் சரி செய்துகொள்கிறது. காலையில் ஒழுங்காக வெளிச்சம் பட்டால் ராத்திரி தூக்கமும் கொஞ்சம் ஒழுங்குக்கு வரும். ஆனால் இதன் பலன் முதல் நாளே தெரியாது, ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

மே மாதத்தில் ஏழு மணிக்கே வெயில் பிடித்துவிடும், அதனால் ஆறு மணிக்கே முடித்துவிடுங்கள். ஐப்பசி மழையில் மாடி வேண்டாம், திறந்த ஜன்னல் பக்கத்தில் நின்றாலே போதும்.

படி 4: காபி

இங்கேதான் சண்டை வரும் என்று தெரியும். காபியை நிறுத்தச் சொல்லவில்லை. வெறும் வயிற்றில், எழுந்த சூட்டோடு, ஸ்ட்ராங்காக ஒரு டம்ளர் குடிப்பதைத்தான் சொல்கிறேன். காபியில் இருக்கும் காபின் ரத்தத்தில் உச்சத்துக்குப் போக அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அப்போது வரும் படபடப்பும் கை நடுக்கமும் பயத்தின் அறிகுறிபோலவே இருக்கும். ஏற்கெனவே பயந்திருக்கும் ஆளுக்கு எது காபி, எது கவலை என்று பிரித்துச் சொல்லத் தெரியாது.

என் சித்தி மகளின் வீட்டில் மாமியார் கையால் 5.50-க்கே காபி வந்துவிடும். "ஆறிப்போகுதும்மா" என்ற குரலும் கூடவே வரும். மறுப்பது சாத்தியமில்லை. அதனால், "அத்தை, டாக்டர் சாப்பிட்டுட்டுக் குடிக்கச் சொன்னார்" என்று ஒரு பொய் சொல்லி வைத்தாள் (மாமியார்கள் டாக்டர் பேச்சைக் கேட்பார்கள்). இப்போது இரண்டு இட்லிக்கு அப்புறம், பாதி டிகாக்‌ஷன் விட்ட காபி. ஒரேயடியாக நிறுத்தினால் மறுநாள் தலை வெடிக்கும், ஆகவே ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு டிகாக்‌ஷனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக் காபியையும் கவனியுங்கள். அதன் காபினில் ஏறக்குறையப் பாதி இரவு பத்து மணிக்கும் உடம்பில் இருக்கும்.

படி 5: போனுக்கு முன் நோட்டு

விழித்து முக்கால் மணி நேரமாவது ஆன பிறகு, போனை எடுப்பதற்கு முன் ராத்திரி எழுதிய நோட்டைத் திறங்கள். காலையில் வந்த பயத்தை ஒரே வரியில் எழுதுங்கள், அதற்குப் பக்கத்தில் இன்றைக்குச் செய்யக்கூடிய முதல் சின்ன வேலை. செய்ய எதுவுமே இல்லாத பயமாக இருந்தால், "இன்றைக்கு வேலை இல்லை" என்று எழுதி விட்டுவிடுங்கள். அப்புறம் வாட்ஸ்அப்.

அவள் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தாள். இரவு 11 மணிக்கு மேனேஜர் குரூப்பில் போட்ட "3பி பார்த்தாச்சா?" என்ற மெசேஜை விடிவதற்குள் படுக்கையில் படிப்பாள். அந்த நேரத்தில் அது மிரட்டலாகத் தெரியும். அதே வரியை ரயிலில் படித்தால் வெறும் கேள்விதான்.

எப்படி ஆரம்பிப்பது

ஐந்தையும் ஒரே நாளில் தூக்கித் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம். முதல் வாரம் படி 1-ம், போனைத் தள்ளி வைப்பதும் மட்டும். ஒவ்வொரு நாளும் பயத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று இரண்டு எண் குறியுங்கள்: விழித்ததும் ஒன்று, ஒரு மணி நேரம் கழித்து ஒன்று. முதல் எண் பல வாரம் அசையாமல் நிற்கலாம். இரண்டாவது எண் இறங்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எண்ணையும் விடாதீர்கள். ஞாயிறன்று பயமே இல்லை என்றால் வேலையில் ஏதோ ஒன்றை நேரில் பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது, எந்த மூச்சுப் பயிற்சியும் அதைத் தீர்க்காது.

டாக்டரிடம் எப்போது

இரண்டு வாரமாக ஏறக்குறைய தினமும் வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்பே விழிப்பு, காலையில் மனசு ரொம்பக் கனத்து மாலையில் லேசாவது, பிடித்தவற்றில்கூட நாட்டமில்லாமை, பசியின்மை. இவை சேர்ந்து வந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு, இந்தப் படிகள் மட்டும் போதாது. உடல் இளைப்பு, கை நடுக்கம், எப்போதும் வேகமான துடிப்பு இருந்தால் தைராய்டு ரத்தப் பரிசோதனை கேளுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வியர்த்து நடுங்கி விழித்தால், அந்த நேரத்திலேயே சர்க்கரை பார்க்க வேண்டும். 70-க்குக் கீழே இருந்தால் உடனே குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணீரோ குடித்துவிட்டு டாக்டரிடம் சொல்ல வேண்டும். நெஞ்சை அழுத்தும் வலி, கைக்கோ தாடைக்கோ பரவினால் 108.

செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். நேரில் பார்க்கக் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தில் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. எந்த டாக்டரிடம் போனாலும் அந்த நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். உத்தேசமாக எத்தனை மணிக்கு விழிப்பு, எண் எவ்வளவு, காபி எப்போது என்று எழுதியிருந்தால், "எப்போதிலிருந்து இப்படி?" என்ற முதல் கேள்விக்கே திணற வேண்டியிருக்காது.