கேலன் என்றால் எந்தக் கேலன்? பம்பு எஸ்டிமேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் எஸ்டிமேஷன் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பையனின் மேஜைப் பக்கம் போனேன். வளைகுடாவிலிருந்து ஒரு என்கொயரி வந்திருந்தது. ஓட்டம் 500 ஜிபிஎம், ஹெட் 40 மீட்டர். அதாவது நிமிடத்துக்கு 500 கேலன் தண்ணீரை 40 மீட்டர் உயரத்துக்குத் தள்ள வேண்டும். பையன் கொஞ்சமும் யோசிக்காமல் 500ஐ 3.785ஆல் பெருக்கி, பம்பு தேடத் தொடங்கியிருந்தான்.

"தம்பி, இது எந்தக் கேலன்?" என்றேன்.

"கேலன்தான் சார்" என்றான்.

பல வருடங்களுக்கு முன் நானும் இதே எண்ணை இதே 3.785ஆல்தான் பெருக்கினேன். அதனால் போன பணத்தை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. புள்ளியை இடம் மாற்றி வைப்பது, லிட்டரையும் கன மீட்டரையும் குழப்பிக்கொள்வது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை யாராவது பார்த்துவிடுவார்கள். ஒரே பெயரில் இரண்டு அளவு இருக்கும்போது வரும் தவறு அப்படிச் சிக்காது. கணக்கு முழுக்கச் சரியாக இருக்கும், பம்பு மட்டும் தப்பாக இருக்கும்.

ஒரே கட்டடத்துக்கு ஒரே கேலன்தான் என்று நம்புவது

அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர். பிரிட்டனின் இம்பீரியல் கேலன் 4.546 லிட்டர். இதில் பழையது அமெரிக்கர்களுடையதுதான். 1707இல் இங்கிலாந்து சட்டத்தில் வைத்த ஒயின் கேலனை, 231 கன அங்குலத்தை, அவர்கள் அப்படியே வைத்துக்கொண்டார்கள். பிரிட்டன் 1824இல் புதுச் சட்டம் போட்டு, பத்து பவுண்டு எடையுள்ள தண்ணீர் பிடிக்கும் அளவைக் கேலன் என்று மாற்றியது. பிரிட்டனின் கை பட்ட ஊர்களில் அந்தப் புதுக் கேலன்தான் போய்ச் சேர்ந்தது. துபாயில் தண்ணீர்ப் பில் நீண்ட காலம் இம்பீரியல் கேலனில்தான் வந்தது. டெல்லியில் குடிநீரை மில்லியன் கேலன் கணக்கில் சொல்லும்போதும் அது இம்பீரியல்தான்.

இதெல்லாம் அன்றைக்கும் எனக்குத் தெரியும். தெரிந்தும் தவறினேன், அதனால்தான் விவரமாகச் சொல்கிறேன்.

அது துபாயில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். கீழ்த்தொட்டியிலிருந்து மேல்தொட்டிக்கு நீரேற்ற இரண்டு பம்பு வேண்டும், ஒன்று ஓட, ஒன்று மாற்றுக்கு. 500 ஜிபிஎம், 40 மீட்டர். அதே டெண்டரில் தீயணைப்புப் பம்பும் இருந்தது, அதுவும் 500 ஜிபிஎம். அங்கே தீயணைப்புப் பம்புகள் அமெரிக்க என்எஃப்பிஏ தரத்தைப் பின்பற்றுபவை. 500, 750, 1000 என்று அமெரிக்கக் கேலனில் அடுக்கடுக்காக வரும். அந்த டேட்டா ஷீட்டில் பக்கத்திலேயே லிட்டரிலும் போட்டிருந்தது: நிமிடத்துக்கு 1,893. அதைப் பார்த்துவிட்டு நீரேற்றும் பம்புக்கும் அதே எண்ணை எழுதினேன். ஒரே கட்டடம், ஒரே டெண்டர், ஒரே 500. வேறாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

1,893 லிட்டர் என்றால் மணிக்கு 113.6 கன மீட்டர். 40 மீட்டர் ஹெட்டும் 75 சதவீதத் திறனும் போட்டுப் பார்த்தால் பம்புக்குச் சுமார் 16.5 கிலோவாட் தேவை. 18.5 கிலோவாட் மோட்டார் வைத்தோம், கொஞ்சம் கையிருப்பும் கிடைத்தது. எங்கள் சோதனைக் கூடத்தில் பம்பு அழகாகத் தேறியது. தேறாமல் எப்படி இருக்கும்? நாங்களே எழுதிய எண்ணுக்குத்தானே சோதித்தோம்.

துபாயில் கமிஷனிங் அன்று குழாயின் மேல் அல்ட்ராசானிக் மீட்டரைக் கட்டினார்கள். டெலிவரி வால்வைத் திருகி, ஹெட் 40 மீட்டரில் நிற்கும்படி வைத்தோம். மீட்டர் 114ஐச் சுற்றி ஆடியது. கன்சல்டன்ட் தன் தாளைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார், "136 எங்கே சார்?" என்று கேட்டார். வால்வை இன்னும் திறந்தோம். ஓட்டம் கொஞ்சம் ஏறியது, ஹெட் இறங்கியது. கூடவே ஆம்பியர் ஏறி, மோட்டார் பெயர்ப்பலகையில் போட்டிருந்த எண்ணை நெருங்கியது. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

அவர் கேட்டது 500 இம்பீரியல் கேலன். அது நிமிடத்துக்கு 2,273 லிட்டர், மணிக்கு 136.4 கன மீட்டர். அதே ஹெட்டில் அவ்வளவு தண்ணீர் தள்ள 19.8 கிலோவாட் வேண்டும். 18.5 மோட்டார் தாங்காது, அடுத்த அளவான 22க்குப் போக வேண்டும். பெரிய இம்பெல்லர் போட்டுச் சமாளிக்கலாமா என்று பார்த்தோம். அந்தக் கேசிங்கில் ஏறக்கூடிய கடைசி அளவை ஏற்கெனவே போட்டிருந்தோம். கடைசியில் இரண்டு பம்பு, இரண்டு மோட்டார், ஸ்டார்ட்டர், கேபிள், அடிச்சட்டம் எல்லாவற்றையும் மாற்றினோம். ஒப்படைக்கும் தேதி நெருங்கிவிட்டதால் கப்பலில் அனுப்ப நேரமில்லை, விமானத்தில் போனது. அத்தனையும் எங்கள் செலவு.

விடை அந்த டெண்டருக்குள்ளேயே இருந்ததைப் பார்க்காதது

என்னை இன்னும் உறுத்துவது இதுதான். ஜிபிஎம் என்ற எழுத்தை எத்தனை முறை பார்த்தாலும் எந்தக் கேலன் என்று தெரியாது. ஆனால் பெரும்பாலான டெண்டர்களில் அதே தண்ணீர் இன்னோர் இடத்தில் வேறு அலகில் வரும். அந்த ஜோடியைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

எங்கள் டெண்டரில் பம்பு அட்டவணைக்கு இரண்டு பக்கம் தள்ளி, மேல்தொட்டி 30,000 கேலன், ஒரு மணி நேரத்தில் நிரம்ப வேண்டும் என்று இருந்தது. 30,000ஐ 60ஆல் வகுத்தால் 500. ஆக, பம்பும் தொட்டியும் ஒரே கேலனில் பேசுகின்றன. எந்தக் கேலன்? தொட்டியின் கான்கிரீட் வரைபடத்தில் உள்ளளவு 8 மீட்டருக்கு 6 மீட்டர், நீர் நிற்கும் ஆழம் 2.84 மீட்டர். பெருக்கினால் 136.3 கன மீட்டர், அதாவது 1,36,300 லிட்டர். அதை 30,000ஆல் வகுத்தால் 4.54.

வரைபடம் போட்டவருக்குக் கேலன் தேவையில்லை, அவர் சுவரைக் கட்ட மீட்டரில்தான் எழுதியாக வேண்டும். அதனால்தான் நான் அந்தத் தாளை நம்புகிறேன். வகுத்து வருவது 4.5க்குப் பக்கத்தில் இருந்தால் இம்பீரியல், 3.8க்குப் பக்கத்தில் இருந்தால் அமெரிக்கக் கேலன். நடுவில் எங்காவது நின்றால் ஆழத்தைத் தப்பாக எடுத்திருக்கிறோம். பெரும்பாலும் தண்ணீர் நிற்கும் மட்டத்துக்குப் பதிலாகச் சுவரின் முழு உயரத்தைப் போட்டிருப்போம்.

"யுஎஸ்ஸா, யுகேவா?" என்று மட்டும் கேட்பது

வரைபடம் கைக்கு வரவில்லை என்றால் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் அப்படிக் கேட்டால் எதிர்முனையில் இருப்பவர் தன் ஊர் வழக்கத்தைச் சொல்லிவிடுவார். அந்த 500ஐ எழுதியவர் அவராக இருக்காது. கன மீட்டரில் எழுதிக் கேளுங்கள்: "500 ஜிபிஎம் என்பதை மணிக்கு 136.4 கன மீட்டர் என்று எடுத்துக்கொண்டிருக்கிறோம், சரிதானா?" எண்ணைப் பார்த்ததும் அவர் தன் டிசைன் தாளை எடுத்து ஒப்பிட்டே தீர வேண்டும். பதில் எழுத்தில் வரட்டும். அதே எண்ணை உங்கள் கொட்டேஷனிலும் கேலனுக்குப் பக்கத்தில் போடுங்கள்.

எக்செல் கேலனை அப்படியே நம்புவது

```
=CONVERT(500,"gal","l")      1892.7
=CONVERT(500,"uk_gal","l")   2273.0
```

சும்மா `gal` என்று கொடுத்தால் எக்செல் அமெரிக்கக் கேலனையே எடுத்துக்கொள்ளும். `pt` என்றால் அமெரிக்கப் பைன்ட். `ton` என்றால் 2,000 பவுண்டு. எந்த எச்சரிக்கையும் வராது.

எல்லாவற்றையும் 1.2ஆல் பெருக்குவது

இம்பீரியல் கேலன் 1.2 மடங்கு பெரியது என்று மனதில் பதிந்ததும், புதியவர்கள் அவுன்ஸையும் அப்படியே பெருக்கிவிடுகிறார்கள். பைன்ட் வரைக்கும் அது சரி, அமெரிக்காவில் 473 மில்லி, பிரிட்டனில் 568. திரவ அவுன்ஸில் தலைகீழ். அமெரிக்க அவுன்ஸ் 29.6 மில்லி, பிரிட்டன் அவுன்ஸ் 28.4. காரணம், அமெரிக்கப் பைன்டில் 16 அவுன்ஸ், பிரிட்டன் பைன்டில் 20.

தொட்டி கழுவும் மருந்தின் லேபிளில் 'கேலனுக்கு 2 அவுன்ஸ்' என்று இருந்தால் இது முக்கியம். அமெரிக்க லேபிள் என்றால் 128க்கு 2, அதாவது 1.56 சதவீதம். பிரிட்டன் லேபிள் என்றால் 160க்கு 2, 1.25 சதவீதம். பக்கெட்டில் கலக்கும் முன் மருந்து எந்த நாட்டில் விற்க அச்சிட்டது என்று பாருங்கள்.

வீட்டு ஆர்ஓ மெம்பிரேன்

அதில் போட்டிருக்கும் 75 ஜிபிடி அமெரிக்கக் கேலன். நாளுக்கு 284 லிட்டர்.

டன்னில் பெரிய வித்தியாசத்துக்கு மட்டும் பயப்படுவது

அமெரிக்க டன் 907 கிலோ, மெட்ரிக் டன் 1,000, பிரிட்டனின் பழைய டன் 1,016. அமெரிக்காவிலிருந்து வடிகட்டிக்கு ஆந்த்ரசைட் 20 டன் வாங்கி 18.1 டன்தான் வந்தால், வடிகட்டியில் மட்டம் இறங்கியதைப் பார்த்தே பிடித்துவிடலாம். விலையில் அப்படித் தெரியாது. டன் 500 டாலர் என்று அமெரிக்கக் கொட்டேஷன் ஒன்று, மெட்ரிக் டன் 530 டாலர் என்று இன்னொன்று என்று வைத்துக்கொள்வோம். முதலாவதுதான் மலிவு என்று தோன்றும். மெட்ரிக் டன்னுக்கு மாற்றினால் அது 551 டாலர். இரண்டையும் கிலோ விலையாக மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும்.

1,016க்கும் 1,000க்கும் உள்ள 1.6 சதவீதம் இன்னும் வம்பு. எடைமேடைத் தவறு, வழியில் சிந்தியது, ஈரம் காய்ந்தது என்று எதன் மேலாவது பழியைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ரசீதில் மெட்ரிக் டன்னைக் குறிக்கும் எம்டி என்று தெளிவாக இல்லாவிட்டால் கிலோவில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஏசி டன்

எடை இல்லை. 2,000 பவுண்டு ஐஸை ஒரு நாளில் உருக்கும் வெப்பம், அதாவது மணிக்கு 12,000 பிடியு, 3.517 கிலோவாட். ஜப்பானியர்கள் மெட்ரிக் டன் ஐஸை வைத்துக் கணக்கிட்டதால் அவர்களுடைய டன் 3.861 கிலோவாட். ஜப்பானியச் சில்லரின் பழைய டேட்டா ஷீட் கைக்கு வந்தால் டன்னை விட்டுவிட்டு, கிலோவாட் எங்கே போட்டிருக்கிறது என்று தேடுங்கள்.