2.25 கோல் பந்தயம்: பாதிப் பணம் எப்போது திரும்பி வரும்?

எந்தக் கால்பந்து ஆட்டத்திலும் இரண்டேகால் கோல் விழாது. ஆனாலும் ஆசியப் பாணி மொத்த கோல் பந்தயத்தில் 2.25 என்ற கோடு அடிக்கடி வரும். இரு அணிகளும் சேர்ந்து அடிக்கும் கோல்கள் அந்தக் கோட்டுக்கு மேலா, கீழேயா என்பதுதான் பந்தயம். புதிதாகப் பார்ப்பவர்கள் இதை ஒரே பந்தயம் என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. இது இரண்டு பந்தயம். பாதிப் பணம் 2 என்ற கோட்டில், மீதிப் பாதி 2.5 என்ற கோட்டில். சில இடங்களில் 2.25 என்று போடாமல் "2, 2.5" என்றே காட்டுவார்கள், இரண்டும் ஒன்றுதான்.

இந்தியாவில் இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை 2025ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பந்தயம் சட்டப்படி நடக்கும் பிரிட்டனை வைத்தே கணக்கைப் பார்ப்போம். 100 பவுண்டு, ஆட்ஸ் 1.95. போட்ட பணமும் சேர்ந்ததுதான் இந்த 1.95. அதாவது 100 போட்டு ஜெயித்தால் கைக்கு வருவது 195, லாபம் 95.

முதல் படி: பணத்தைப் பிரியுங்கள்

ஆட்டம் முடிந்தபின் கோல்களை எண்ணுவதற்கு முன்பே காகிதத்தில் இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள்: 2க்கு 50, 2.5க்கு 50. இரண்டுக்கும் ஆட்ஸ் அதே 1.95. பணம்தான் பாதியாகும், ஆட்ஸ் பாதியாகாது. 1.95ஐ இரண்டால் வகுத்துவிட்டுத் தவறான விடையோடு நிற்பவர்கள் நிறைய.

இரண்டாம் படி: ஒவ்வொரு பாதியையும் தனியாகத் தீர்க்கவும்

2 என்ற கோட்டில் சரியாக இரண்டு கோல் விழுந்தால் யாருக்கும் வெற்றி இல்லை; போட்ட பணம் அப்படியே திரும்பும். 2.5இல் அந்த நடுநிலை கிடையாது. ஜெயிக்கும் அல்லது தோற்கும்.

2021 ஜூலை 11, வெம்பிளி, யூரோ இறுதி ஆட்டம். இங்கிலாந்துக்கு லூக் ஷா 2ஆவது நிமிடத்தில் அடித்தார், இத்தாலிக்கு பொனுச்சி 67ஆவது நிமிடத்தில். 90 நிமிட முடிவு 1-1, மொத்தம் 2 கோல். 2.25க்கு மேல் என்று போட்டவருக்கு என்ன ஆகும்? 2இல் வைத்த 50 திரும்புகிறது, 2.5இல் வைத்த 50 போய்விடுகிறது. கணக்கில் 50 பவுண்டு வரும். இதைப் பார்த்து ஜெயித்துவிட்டோம் என்று நினைப்பதும் உண்டு. உண்மையில் பாதி நஷ்டம்.

கீழே என்று போட்டவருக்கு 2இல் 50 திரும்பும், 2.5இல் 50 ஜெயித்து 97.50 ஆகும். மொத்தம் 147.50, லாபம் 47.50.

அந்த ஆட்டம் பெனால்டி வரை போய் இத்தாலி 3-2 என்று வென்றது. அந்த ஐந்தும் இந்தக் கணக்கில் சேராது. கூடுதல் நேர கோல்களும் பொதுவாகச் சேராது. 90 நிமிடமும் அதோடு நடுவர் சேர்க்கும் காயநேரமும்தான் கணக்கு. சொந்த வலைக்குள் அடித்த கோல் சேரும்.

மற்ற எண்ணிக்கைகள்

இங்கே சிக்கலே இல்லை. 0 அல்லது 1 கோல் என்றால் மேலே போட்டவர் 100 முழுவதையும் இழப்பார், கீழே போட்டவருக்கு 195. மூன்று அல்லது அதற்கு மேல் என்றால் அப்படியே தலைகீழ். 2024 யூரோ இறுதியில் ஸ்பெயின் 2-1 என்று வென்றது. மேலே போட்டிருந்தால் இரண்டு பாதியும் ஜெயித்து 195.

ஆக 2.25க்கும் 2.5க்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் இரண்டு கோல் என்ற ஒரே இடத்தில் இருக்கிறது. 2.5க்கு மேல் என்று போட்டிருந்தால் அங்கே 100ம் போயிருக்கும். 2.25 பாதியைக் காப்பாற்றுகிறது. அதற்கு விலையாக ஆட்ஸ் குறையும். இரண்டுக்கும் ஒரே ஆட்ஸ் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

2.75 வந்தால்

அதே முறைதான்: பாதி 2.5இல், பாதி 3இல். இப்போது முழு எண் 3, அதனால் கவனிக்க வேண்டியது மூன்று கோல். ஆனால் திசை மாறுகிறது. அதே 2-1 ஆட்டத்தில் 2.75க்கு மேல் போட்டவருக்கு 2.5 பாதி ஜெயிக்கும், 3 பாதி திரும்பும்: 97.50 + 50 = 147.50. கீழே போட்டவர் பாதியை இழப்பார். 2.25இல் பாதி முடிவு வந்தால் மேலே போட்டவருக்கு நஷ்டம், 2.75இல் அவருக்கே லாபம். இதை மனப்பாடம் செய்ய முயன்றால் ஒருநாள் மாறிப்போகும். இரண்டு வரி எழுதிக் கூட்டினால் மாறாது.