கிளைக்கு சரக்கு அனுப்புறீங்களா, நடுவுல ஒரு 'ட்ரான்ஸிட்' குடோன் வைங்க

ஒரே கம்பெனிக்கு நாலஞ்சு குடோன் செட்டப் பண்றவங்க சிஸ்டம்ல 'ட்ரான்ஸிட்'னு பேருக்கு ஒரு குடோனும் சேர்த்து போட்டுடுங்க, அனுப்புறவங்க சரக்க அதுக்குள்ள ஏத்தணும், வாங்குற கிளை பெட்டிய பிரிச்சு எண்ணினதுக்கு அப்புறம்தான் அதுலேர்ந்து தன் ஸ்டாக்குக்கு எடுக்கணும். 100 பீஸ் கிளம்பி 97 தான் வந்துச்சுன்னா மிச்சம் 3 ட்ரான்ஸிட்லயே நிக்கும், வழியில தொலைஞ்சுதா இல்ல ஏத்தும்போதே குறைஞ்சுதான்னு அன்னிக்கே கேட்டுடலாம். நேரா மாத்துனா 100ம் கிளை கணக்குல ஏறிடும், அந்த 3 அடுத்த தடவை ஸ்டாக் எண்ணும்போதுதான் தெரியும், அதுக்குள்ள யாரைப் போய் கேக்குறது?

வேற ஓனர் சொந்தக் காசுல சரக்கு வாங்கி நடத்துற ஃப்ரான்சைஸ் கடைக்கு இது சரிப்படாது, அங்க போறது ட்ரான்ஸ்ஃபர் இல்ல, விற்பனை, பில்தான் போடணும். சரக்கு உங்க பேர்லயே இருந்து அவர் வித்துக் குடுக்குறாருன்னா இதே முறை ஓடும்.