‘சொல்லுங்க சார்’னு நண்பன்கிட்ட சொன்னா ஏன் சுருக்குன்னு குத்துது? நீ, நீங்க மாத்திப் பேசுறப்போ நடக்குற தப்புகள்

நீன்னா மரியாதை இல்ல, நீங்கன்னா மரியாதை, சின்ன வயசுல நமக்கு இப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. முதல் தப்பே இத அப்படியே நம்புறதுதான். பெரும்பாலான வீட்டுல அம்மாவ நீன்னுதான் கூப்பிடுறோம், சாமி முன்னாடி நின்னு வேண்டும்போதும் நீதான் காப்பாத்தணும்னு சொல்றோமே தவிர நீங்கதான் காப்பாத்தணும்னு சொல்றதில்ல. அங்க எந்த அவமரியாதையும் கிடையாது. அப்போ நீங்குற சொல்லுல மட்டும் அவமானம் இல்ல, நீங்கங்குற சொல்லுல மட்டும் மரியாதையும் இல்ல.

ரெண்டு பேருக்கு நடுவுல பேசிப் பேசி ஒரு நிலை செட் ஆகியிருக்கும். நாங்க வாடா போடா, அவங்களும் நானும் வாங்க போங்க, அண்ணன் என்ன வான்னுவாரு நான் அவர வாங்கன்னுவேன், இப்படி ஒவ்வொரு ஜோடிக்கும் ஒண்ணு. அந்த நிலையில இருந்து மேல போனாலும் சரி கீழ போனாலும் சரி, எதிர்ல இருக்குறவரு காதுக்கு அது உடனே தெரிஞ்சிடும், ஏன் மாத்துனாங்கன்னு மனசு கேக்க ஆரம்பிச்சிடும். கீழ போனா சண்டை வரும்னு எல்லாருக்கும் தெரியும். மேல போனாலும் வலிக்கும்ங்குறது தான் நிறைய பேருக்கு தெரியல, நானும் அடிபட்டுத்தான் கத்துக்கிட்டேன்.

எங்க அத்தை பையனும் நானும் ஒரே வயசு, பேச ஆரம்பிச்ச நாள்ல இருந்து டேய் தான். அவனுக்கு வேலையில பெரிய பதவி கிடைச்சுது, அதுக்கப்புறம் ரெண்டு மூணு குடும்ப விசேஷத்துக்கு அவனால வர முடியல. அடுத்த விசேஷம் வந்தப்போ குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல நான் "சார் இந்த தடவையாவது வருவீங்களா"ன்னு போட்டேன். எல்லாரும் சிரிக்கிற பொம்மை போட்டாங்க, அவனும் போட்டான். எனக்கு உற்சாகமாயிடுச்சு, "சாருக்கு நேரம் இருக்கான்னு கேட்டு சொல்லுங்கப்பா"ன்னு அடுத்தது, சாயங்காலம் "சார் கிளம்பிட்டாரா"ன்னு இன்னொண்ணு. அவன்கிட்ட இருந்து பதிலே இல்ல. ராத்திரி நானே போன் பண்ணேன், எடுத்தவன் "சொல்லுங்க"ன்னான். நாளைக்கு வர்றியாடான்னு கேட்டேன், "பாக்குறேங்க"ன்னு சொல்லி வெச்சிட்டான். முப்பது வருஷமா டேய்னு கூப்பிட்டவன் வாயில இருந்து அந்த ‘ங்க’ வந்தப்போ, கெட்ட வார்த்தையில திட்டியிருந்தா கூட இவ்ளோ கஷ்டமா இருந்திருக்காதுன்னு தோணுச்சு.

அப்புறம் உக்காந்து யோசிச்சப்போ தான் புரிஞ்சுது. முதல் மெசேஜ் கிண்டல் தான், அவனும் சிரிச்சான். நேர்ல நாம கிண்டல் பண்றத கவனிச்சுப் பாருங்க, "வாங்க சார் வாங்க, உக்காருங்க"ன்னு இழுத்து சொல்லிட்டு அடுத்த மூச்சுலயே "ஏன்டா இவ்ளோ லேட்டு"ன்னு கீழ இறங்கிடுவோம். அந்த இறக்கம் தான் அத கிண்டலாக்குது, சும்மா தூக்கிப் பாத்தேன், நாம பழைய மாதிரிதான்னு அது சொல்லிடுது. இறங்காம மேலயே நின்னுட்டா, நீ இப்போ எங்க ஆள் இல்ல, வெளியாள்னு அர்த்தமாயிடுது. நான் மூணு மெசேஜ்லயும் இறங்கவே இல்ல, அதுவும் நாப்பது சொந்தக்காரங்க பாக்குற இடத்துல. போதாக்குறைக்கு ரெண்டாவதுல அவன்கிட்ட பேசாம அவனப் பத்தி மத்தவங்ககிட்ட பேசிட்டேன், "சாருக்கு நேரம் இருக்கா"ன்னு.

ஆள எதிர்ல வெச்சுக்கிட்டே படர்க்கையில பேசுறது தனி ஆயுதம். "ஐயாவுக்கு கோவம் வந்துடுச்சு போல", "மகாராணி எழுந்துட்டாங்களா", "இவரு சொல்லுவாராம் நாங்க கேக்கணுமாம்" எல்லாமே இந்த வகை. வந்தாரு, சொன்னாங்கன்னு வினை முழுக்க மரியாதையா இருக்கும், ஆனா கேக்குறவருக்கு நீன்னு கூட ஒரு இடம் குடுக்காம பேச்சுக்கு வெளிய நிக்க வெச்சிடுது. சின்னக் குழந்தைய "தொரை எங்க கிளம்பிட்டாரு"ன்னு கேட்டா கொஞ்சல், அதே குழந்தை பதினாலு வயசாகி பரீட்சையில மார்க் கம்மியாகி நிக்கும்போது அதே வாக்கியம் குத்தல். வார்த்தை மாறல, அந்தப் புள்ள இருக்குற நிலைமை மாறிடுச்சு, இத வீட்டுப் பெரியவங்க அடிக்கடி மறந்துடுறாங்க.

எழுத்துல இது இன்னும் ஆபத்து. நேர்ல "வாாாங்க"ன்னு குரல் இழுக்குறதும் முகத்துல இருக்குற சிரிப்பும் தான் இது விளையாட்டுன்னு காட்டும், டைப் பண்ணா ரெண்டும் போயிடும், வெறும் ‘வாங்க’ மட்டும் மிஞ்சும். புருஷன் பொண்டாட்டி, நெருங்கின தோழிங்க நடுவுல எப்பவும் நீன்னு பேசுறவங்க கோவத்துல "நீங்க உங்க வேலைய பாருங்க"ன்னு அனுப்புவாங்க பாருங்க, அது கதவ சாத்துற சத்தம் தான். அதனால கிண்டலுக்கு தூக்கி எழுதினா அதே மெசேஜ்லயே ஒரு டா, டி, இல்ல வழக்கமா கூப்பிடுற பேரு ஒண்ணு கடைசியில இருக்கட்டும்.

இப்போ கீழ இறங்குறது. இங்க எல்லாரும் பண்ற தப்பு, நான் நீன்னு சொல்லவே இல்லையேன்னு வாதாடுறது. தமிழ்ல நீங்குற சொல்லே வேண்டாம், வினையோட வாலே காட்டிக் குடுத்துடும். "நேத்தே சொன்னீங்கல்ல"ங்குறதுக்கும் "நேத்தே சொன்னல்ல"ங்குறதுக்கும் நடுவுல ஒரே ஒரு ‘ஈங்க’ தான் வித்தியாசம், மீட்டிங்ல ஆறு மாசமா வாங்க போங்கன்னு பழகுனவரு ஒரு நாள் சூடான விவாதத்துல அத விட்டுட்டா அந்த ரூமே அமைதியாயிடும். ஒருமையில பேசிட்டாருன்னு செய்தியில வருதே, அது இதுதான். பேசுனவரு கெட்ட வார்த்தை ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாரு, ஒருமையே புகாருக்குப் போதும்.

ரோட்டுல ரெண்டு வண்டி லேசா உரசுற இடத்துல நின்னு கேட்டா இந்த இறக்கத்த படிப்படியா பாக்கலாம். "பாத்து வாங்க சார்"ல ஆரம்பிக்கும், அடுத்து "என்ன சார் நீ"ன்னு சார் மட்டும் மேல நிக்க மீதி கீழ இறங்கிடும், அதுக்கப்புறம் "என்னய்யா", "யோவ்", கடைசியில "டேய்". உண்மையில சண்டை ரெண்டாவது படியிலயே ஆரம்பிச்சிடுது, அங்கயே ஒருத்தர் "நீங்க"ன்னு உறுதியா பதில் குடுத்தா பல தடவை மத்தவரும் ஏறி வந்துடுவாரு. நாம என்ன பண்றோம்னா "மரியாதையா பேசு"ன்னு கத்துறோம். மரியாதைய கேக்குற அந்த வாக்கியமே ஒருமையில இருக்கு, பேசுங்கன்னு இல்ல, அப்புறம் அவரு எப்படி ஏறி வருவாரு.

சார் நீன்னு சொன்னேனே, அந்தக் கலப்பு தனியா பாக்க வேண்டியது. "வாண்ணா", "நீ சொல்லுக்கா" இதுல பிரச்சனை இல்ல, அண்ணா அக்காங்குற உறவுச்சொல்லே மரியாதைய தூக்கிக்கும், வினை ஒருமையா இருந்தா பாசம் கூடத்தான் செய்யும். ஆனா சார், மேடம், டாக்டர்னு பதவிச் சொல் போட்டுட்டு வினைய ஒருமையில விட்டா உறவும் இல்ல மரியாதையும் இல்ல, நக்கலா தான் கேக்கும். வெளிநாட்டுல வளந்த நம்ம புள்ளைங்க "அங்கிள், நீங்க எங்க போற"ன்னு கேக்கும்போது இதே கலப்பு தான் வருது, அது தெரியாம வர்றது, அதுக்கு சிரிக்காம "போறீங்க"ன்னு மெதுவா திருத்துனா போதும். வளந்தவங்க ஒருத்தர் முகத்தப் பாத்து "நீங்க என்னப்பா சொல்ற"ன்னா அது வேணும்னே பண்றது.

ஊர் மாறினா கணக்கும் மாறும்ங்குறதயும் மறக்கக் கூடாது. யாழ்ப்பாணத் தமிழ்ல நீ, நீங்கள் ரெண்டுக்கும் நடுவுல நீர் இருக்கு, சம வயசுக்காரங்களும் புருஷன் பொண்டாட்டியும் இயல்பா "நீர் என்ன செய்யிறீர்"னு கேப்பாங்க. நெல்லைப் பக்கமும் "வாரும்வே"ன்னா பழகுன பேச்சு. இத கேக்காத ஊர்க்காரர் காதுக்கு நீர்னா ராஜா நாடகத்துல விசாரணை பண்ற மாதிரி விறைப்பா கேக்கும், உடனே கோவப்பட்டுடாதீங்க. ஒருத்தர பன்மையில சொல்றது வழக்குல வந்த உயர்வு, இலக்கணப்படி வந்தது இல்லன்னு தொல்காப்பியமே சொல்லுது, அந்த நீரும் ஒரு காலத்துல பல பேர குறிச்ச சொல் தான். வழக்குல வந்ததுன்னா இடத்துக்கு இடம் மாறத்தானே செய்யும்.

ஒண்ணு மட்டும் என்னால லேசா கடந்து போக முடியல. ஒரே நிமிஷத்துல ஒரே வாய் முதலாளிய வாங்கன்னு சொல்லிட்டு, பக்கத்துல நிக்குற அறுபது வயசு துப்புரவுத் தொழிலாளிய "ஏய் இங்க வா"ன்னு கூப்பிடும். பேரன் வயசுப் பையன் சாதியப் பாத்தோ வேலையப் பாத்தோ பெரியவர நீன்னு சொல்றது தமிழ்நாட்டுல இன்னும் நடக்குது. அங்க கோவமும் இல்ல கிண்டலும் இல்ல, பழக்கம்னு சொல்லி சாதாரணமா பேசுறாங்க, அதனால தான் அது எல்லாத்தையும் விட மோசமான அவமானம். பாசமா நீன்னு கூப்பிடுறேன்னு சொல்றவங்க, அவரு திரும்ப நம்மள நீன்னு கூப்பிட்டா ஒத்துக்குவோமான்னு கேட்டுப் பாத்தா பாசமா இல்லையான்னு தெரிஞ்சிடும்.

எதிர்ல இருக்குறவரு காயப்பட்டாரான்னு எப்படி தெரியும்னா, அவரு எப்படி பதில் சொல்றாருன்னு பாக்கணும். நாம கிண்டலா நீங்கன்னப்போ அவரும் கிண்டலா "ஆகட்டும் மன்னா"ன்னு திருப்பி அடிச்சா ஆட்டம் நடக்குதுன்னு அர்த்தம். சிரிப்பில்லாம வெறும் ங்க போட்டு பதில் சொன்னாலோ, டா, அண்ணே, அக்கான்னு வழக்கமா வர்ற விளி காணாமப் போனாலோ, நீ நீங்க ரெண்டையும் தவிர்த்து "சாப்பிட்டாச்சா", "எப்போ கிளம்புறது"ன்னு ஆளே இல்லாத வாக்கியமா பேசினாலோ ஆட்டம் முடிஞ்சிடுச்சு.

அத்தை பையன் விஷயத்துல நான் விளக்கம் குடுக்கப் போகல, சும்மா தான் சொன்னேங்கன்னு மன்னிப்பு கேட்டிருந்தா இன்னும் ஒரு ங்க ஏறியிருக்கும். அடுத்த நாள் காலையில குரூப்ல போட்ட மூணையும் அழிச்சேன், அதே குரூப்ல எல்லாரும் பாக்குற மாதிரி "டேய், நீ வந்தா தான்டா நான் சாப்பிட உக்காருவேன்"னு போட்டேன். ரெண்டு மணி நேரம் கழிச்சு பதில் வந்துச்சு, "வந்து தொலையறேன் இருடா".