ரெப்போ வட்டி: சரியா, தவறா? நம்ம பக்கம் அடிக்கடி காதில் விழும் கூற்றுகள்

உச்சிப்புளியில் மாலை நேரத்தில் வங்கித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் சொல்லித் தருகிறேன். "சரியா தவறா சொல்லு, ஒரு வரியில் காரணம் சொல்லு" என்று கேட்டுக்கேட்டு ஒரு நோட்டு முழுக்கக் கூற்றுகள் சேர்ந்துவிட்டன. அதில் பாதி பாடப்புத்தகத்தில் இருந்து வந்தவை அல்ல. மீன் ஏலக்கூடத்திலும் டீக்கடையிலும் பஸ்ஸிலும் கேட்டவை. அவற்றில் நம்ம ஆட்களின் பணத்தை நேரடியாகத் தொடுகிற சிலவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கூற்று: ரெப்போ 5.25 என்றால் நூற்றுக்கு ஐந்தேகால் வட்டி.
தவறு. அது வருஷ வட்டி, நாம் பேசுவது மாத வட்டி.

இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது. நம்ம கரையில் "ரெண்டு வட்டி", "மூணு வட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் என்றுதான் அர்த்தம், அதாவது வருஷத்துக்கு 24, 36 சதவீதம். வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி, அரசுப் பத்திரங்களை ஈடாக வாங்கிக்கொண்டு குறுகிய காலத்துக்குக் கடன் தருகிற வட்டிதான் ரெப்போ. 2025 டிசம்பர் 5 அன்று அது 5.25 சதவீதம் ஆனது. நம்ம கணக்கில் சொன்னால் நூற்றுக்கு மாதம் 44 பைசா. கால் சதவீதம் குறைத்தார்கள் என்றால் நூற்றுக்கு மாதம் 2 பைசா குறைந்தது என்று பொருள். மூணு வட்டிக்கு வலை வாங்கினவருக்கு இந்த 2 பைசா எந்த வழியிலும் வந்து சேராது. அதே கால் சதவீதம் 20 லட்சம் வீட்டுக் கடனில் மாதம் சுமார் 417 ரூபாய் வட்டி. யாருக்கு எந்தக் கடன் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கூற்று: ரெப்போவைக் குறைத்த அன்றே எல்லாக் கடனுக்கும் வட்டி குறையும்.
தவறு. ரெப்போவோடு கட்டிவைத்த கடனுக்கு மட்டும்தான் குறையும், அதுவும் அந்தக் கடனின் மறுநிர்ணய தேதியில்தான்.

தங்கச்சிமடத்தில் வலை வியாபாரம் செய்கிற ஒரு அண்ணன் 2025 மே மாதம் என்னைப் பிடித்து நிறுத்தினார். "தம்பி, ஏப்ரல்லயே வட்டிய குறைச்சிட்டாங்கன்னு டிவியில சொன்னான், எனக்கு ஒரு ரூவாகூட குறையலயே, பேங்க்காரன் ஏமாத்துறானா?" என்றார். கடன் பத்திரத்தை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தேன். வங்கியில் வாங்கின வீட்டுக் கடன், ரெப்போ கூட்டல் இரண்டரை சதவீதம், ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் மறுநிர்ணயம். ரிசர்வ் வங்கி குறைத்தது ஏப்ரல் 9. அவருடைய தேதி ஏப்ரல் 1, எட்டு நாள் முன்பே கடந்துபோயிருந்தது. ஆக அந்தக் குறைப்பு ஜூலையில்தான் அவருக்கு வரும். நான் சொன்னபோது அவர் முழுசாக நம்பவில்லை. ஆனால் ஜூன் 6 அன்று இன்னும் அரை சதவீதம் குறைந்து, ஜூலையில் இரண்டும் சேர்ந்தே அவர் கணக்கில் ஏறின.

2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் புதிதாகத் தருகிற, வட்டி மாறக்கூடிய வீட்டுக் கடன், தனிநபர் கடன், சிறுதொழில் கடன் எல்லாம் ரெப்போ மாதிரி வெளியில் இருக்கும் ஓர் அளவுகோலோடு இணைந்திருக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டியை மறுபடி நிர்ணயிக்க வேண்டும் என்பது விதி. அதற்கு முன் வாங்கின பழைய கடன், வங்கி தன் சொந்தச் செலவைக் கணக்குப் போட்டு வட்டி வைக்கிற எம்சிஎல்ஆர் முறையில் இருந்தால் மாற்றம் மெதுவாகத்தான் வரும், கிளையில் எழுதிக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். வீட்டுக் கடன் நிறுவனங்களுக்கு இந்த விதி இல்லை, அவர்கள் தங்கள் சொந்த அளவுகோலை வைத்திருக்கிறார்கள். அதனால் "ரெப்போ குறைஞ்சிருச்சே" என்று போய் நிற்பதற்கு முன் பத்திரத்தில் மூன்று விஷயம் பாருங்கள்: எதோடு இணைந்தது, அதன் மேல் எத்தனை சதவீதம் கூட்டியிருக்கிறார்கள், மறுநிர்ணய தேதி என்ன.

கூற்று: நகைக்கடன் வட்டியும் ரெப்போவோடு இறங்கும்.
பெரும்பாலும் தவறு. வைத்த அன்று எழுதின வட்டிதான், திருப்பி வைக்கும்போதுதான் புது வட்டி.

கூற்று: மீனவர் கிசான் கார்டு கடன் வட்டி ரெப்போவைப் பார்த்து மாறும்.
தவறு. அந்தக் கடனின் 7 சதவீத வட்டி மத்திய அரசின் வட்டி மானியத் திட்டத்தில் வருகிறது, தேதி தவறாமல் கட்டினால் இன்னும் 3 குறைந்து 4.

கூற்று: மாதத் தவணை மாறவில்லை என்றால் குறைப்பு எனக்கு வரவில்லை.
தவறு. தவணையை அப்படியே வைத்து, மாதங்களைக் குறைத்திருப்பார்கள்.

இதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். கணக்காகவே பார்த்துவிடலாம். 20 லட்சம், 20 வருஷம், 9 சதவீதம் என்றால் தவணை 17,995 ரூபாய். ரெப்போ 6.50-லிருந்து 5.25-க்கு இறங்கியதால் அதே கடன் 7.75-க்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம், கணக்கு எளிதாக இருக்க ஆரம்பத்திலேயே இறங்கியதாக. இப்போது இரண்டு வழி. தவணையைக் குறைத்தால் மாதம் 16,419 ரூபாய், 1,576 ரூபாய் கையில் நிற்கும், ஆனால் 240 மாதமும் கட்ட வேண்டும். தவணையைத் தொடாமல் விட்டால் கடன் ஏறக்குறைய 197 மாதத்தில் முடிந்துவிடும், 43 மாதம் மிச்சம், முதல் வழியை விட மொத்தத்தில் சுமார் 4 லட்சம் ரூபாய் குறைவாகக் கட்டியிருப்பீர்கள். வங்கி பொதுவாக நம்மைக் கேட்காமலே இரண்டாவதைச் செய்துவிடும். அதனால் தவணை பிடித்த குறுஞ்செய்தியைப் பார்த்துவிட்டு "ஒண்ணுமே மாறல" என்று நினைக்கக்கூடாது, கடன் கணக்கு அறிக்கையில் மீதி மாதம் எத்தனை என்று பார்க்க வேண்டும்.

எது நல்லது? கணக்குப் புத்தகம் இரண்டாவதுதான் என்று சொல்லும். நம்ம ஊருக்கு நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கரையில் நிற்கும், வீட்டில் வருமானம் நின்றுபோகும், தவணை மட்டும் நிற்காது. ஒரு தவணை தவறினால் அபராதமும் சிபில் கணக்கில் கறையும் வரும். அப்படிப்பட்ட வீட்டுக்குத் தவணையைக் குறைத்து வாங்கிக்கொள்வதுதான் பாதுகாப்பு. அப்புறம் தடை முடிந்து இறாலும் கணவாயும் நன்றாக விழும் மாதங்களில், கையில் வந்ததில் ஒரு பகுதியை அசலில் கட்டிவிடலாம். வட்டி மாறக்கூடிய வீட்டுக் கடனைத் தனிநபர் முன்கூட்டிக் கட்டினால் அபராதம் வாங்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த அண்ணனும் கடைசியில் இப்படித்தான் எழுதிக் கொடுத்தார்.

கூற்று: வட்டி ஏறும்போதும் மாதம்தானே கூடுகிறது, தவணை மாறாதவரை கவலை இல்லை.
தவறு. ஓர் அளவுக்கு மேல் அந்தத் தவணை வட்டிக்கே போதாது.

2022 மே மாதம் 4 சதவீதத்தில் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 6.50 ஆனது. 4 சதவீத காலத்தில் 6.50 வட்டிக்கு 20 லட்சம் வாங்கினவருக்கு 20 வருஷத் தவணை 14,911 ரூபாய். வட்டி 9 ஆனதும், அசல் இன்னும் 20 லட்சத்தை ஒட்டியே இருந்தால், ஒரு மாத வட்டி மட்டும் 15,000. கட்டுகிற தவணையை விட வட்டி அதிகம், அதாவது மாதாமாதம் கட்டியும் கடன் வளரும். சில மாதம் கட்டி அசல் 19 லட்சத்து 63 ஆயிரத்துக்கு வந்திருந்தாலும் அதே தவணையில் முடிக்க 48 வருஷத்துக்கு மேல் ஆகும். இந்த நிலையில் விடக்கூடாது என்றுதான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டவா, மாதத்தைக் கூட்டவா, இரண்டிலும் கொஞ்சமா என்று கடன் வாங்கினவரிடம் கேட்க வேண்டும். கடன் வளர்கிற அளவுக்குக் காலத்தை நீட்டவும் கூடாது. கேட்காமல் நீட்டியிருந்தால் கிளையில் போய்க் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

கூற்று: பணவீக்கம் இறங்கியது என்றால் விலை இறங்கியது.
தவறு. விலை ஏறும் வேகம்தான் இறங்கியது.

நெத்திலிக் கருவாடு கிலோ 400 ரூபாய் என்று வையுங்கள். ஒரு வருஷம் 6 சதவீதம் ஏறினால் 424. அடுத்த வருஷம் பணவீக்கம் 2 ஆகக் குறைந்தாலும் விலை 432, 400-க்குத் திரும்பாது. விலை நிஜமாகவே இறங்க வேண்டுமானால் அந்த எண் பூஜ்யத்துக்குக் கீழே போக வேண்டும். 2025 அக்டோபரில் உணவுப் பொருள்களுக்கு மட்டும் அப்படிப் போனது, மொத்தப் பணவீக்கம் 0.25 சதவீதத்தில் நின்றது. உணவு இறங்க, மற்றவை ஏற, இரண்டும் கலந்து வந்த எண் அது. ரிசர்வ் வங்கியின் குறிக்கோளும் பூஜ்யம் அல்ல, 4 சதவீதம், இரண்டு பக்கமும் இரண்டு வரை விலகலாம்.

கூற்று: ரெப்போவை ஏற்றினால் மீன் விலை இறங்கும்.
தவறு. வட்டியால் மீனைக் கரைக்குக் கொண்டுவர முடியாது.

பிள்ளைகள் இங்கே உடனே கேட்பார்கள், அப்படியானால் எண்ணெய் விலையும் உணவு விலையும் ஏறின 2022-ல் எதற்கு வட்டியை ஏற்றினார்கள் என்று. நல்ல கேள்வி. தடைக்காலத்தில் மீன் விலை ஏறுவது படகு போகாததால், ஜூன் 15-க்கு மேல் அது தானாக இறங்கும். அதற்கு வட்டி மருந்து இல்லை. ஆனால் டீசல் ஏறி, டீசலைக் காட்டி ஐஸ்காரர் ஏற்றி, ஐஸைக் காட்டி லாரிக்காரர் ஏற்றி, இனிமேல் எல்லாம் ஏறத்தான் போகிறது என்று கூலியும் வாடகையும் முன்கூட்டியே ஏறத் தொடங்கினால், டீசல் திரும்ப இறங்கினாலும் இந்தச் சங்கிலி இறங்காது. அதை அறுக்கத்தான் வட்டி. கடன் விலை கூடும்போது புதுப் படகு, வீடு, வண்டி வாங்குவதை ஆட்கள் தள்ளிப்போடுவார்கள், கேட்பவர் குறைந்தால் இஷ்டத்துக்கு விலை ஏற்ற முடியாது. இது வேலை செய்ய ஒரு வருஷத்துக்கு மேல்கூட ஆகும். 2022 ஏப்ரலில் 7.79 சதவீதமாக இருந்த பணவீக்கம், மே மாதமே வட்டியை ஏற்றத் தொடங்கியும், அந்த வருஷம் அக்டோபர் வரை 6-க்குக் கீழே வரவில்லை. தொடர்ந்து மூன்று காலாண்டு 6-ஐத் தாண்டினால் ஏன் தவறினோம் என்று ரிசர்வ் வங்கி மத்திய அரசுக்கு அறிக்கை எழுத வேண்டும் என்பது சட்டம், அந்த வருஷம் அதையும் எழுதினார்கள்.